இரு கோடுகள் சொல்லும் தீர்ப்பு

நுழையும்முன்

ஓரிடத்தில் வாழும் இரண்டு உயிரினங்களுக்கு ஒரே உணவும் ஒரே இடமும் தேவைப்படும்போது அவற்றுள் எது நிலைக்கும், எது மறையும்? எண்ணிக்கையில் மிகுந்தது வெல்லும் எனச் சிலர் கூறுவர். விரைவாகப் பெருகுவது வெல்லும் எனச் சிலர் கூறுவர். இரண்டு விடைகளும் முழுமையானவை அல்ல. ஒரு வரைபடத்தாளில் இரண்டு நேர்கோடுகளை வரைந்து, அவை ஒன்றையொன்று எங்ஙனம் நோக்கி அமைகின்றன என்பதைக் கொண்டே இதற்கு விடை காணலாம். நம் கடற்கரை உப்பங்கழிகளில் எழுந்துள்ள ஒரு சிக்கலை முன்வைத்து அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

உப்பங்கழிக்கு வந்த அயலார்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை அடையுமுன் முட்டுக்காடு உப்பங்கழி விரிந்து கிடக்கிறது. கடல்நீரும் மழைநீரும் கலக்கும் இத்தகைய உப்பங்கழிகள் இறாலுக்கும் நண்டுக்கும் மீன்குஞ்சுகளுக்கும் தொட்டில்கள். சேறும் மணலும் கலந்த இவற்றின் அடித்தரையில் மட்டிகளும் ஆழிகளும் செறிந்து வாழ்கின்றன. இவை நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பவை. ஆகவே இவற்றுக்கு வேண்டுவன இரண்டு: கால் ஊன்ற இடமும், நீரில் மிதந்துவரும் உணவும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காடு கழிமுகப் பகுதிகளில் அண்மைக் காலத்தில் ஓர் அயல் சிற்றினம் பெருகியுள்ளது. மைட்டெல்லா ஸ்டிரிகேட்டா என்பது அதன் அறிவியற்பெயர். அதன் தாயகம் நடு அமெரிக்க, தென் அமெரிக்கக் கடற்கரைகள். எண்ணூர்ப் பகுதி மீனவர்கள் அதனைக் ‘காக்கா ஆழி’ என அழைக்கின்றனர். கேரளத்தின் அஷ்டமுடி, வேம்பநாட்டு ஏரிகளிலும் அது பரவியுள்ளமை ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. உடலிலிருந்து சுரக்கும் பைசஸ் இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்து, பாய் விரித்தாற்போல அடித்தரையை மூடிவிடுவது அதன் இயல்பு. அப்பாயின் அடியில் உள்ளூர் மட்டிகள் மூச்சடைத்துப் போகின்றன. இறால்கள் புதைந்து வாழும் சேறு மறைந்துபோகிறது. கைகளால் தடவி இறால் பிடித்து வாழ்ந்த மீனவர்களின் வாழ்வாதாரமும் அதனுடன் சேர்ந்து குறைகிறது. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றுள்ளது.

எண்ணூர்க் கழிமுகத்தைத் தொட்டுச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், தெற்கே முட்டுக்காட்டைக் கடந்து மாமல்லபுரத்தை ஒட்டியும் செல்கிறது. ஆழியின் இளவுயிரிகள் நீரில் மிதந்து செல்லக்கூடியவை. படகுகளின் அடிப்பகுதியிலும் ஆழிகள் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். எனவே செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் வாழ்வோர் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு உள்ளன. ஓர் உப்பங்கழியில் காக்கா ஆழிகள் சில வந்து சேர்ந்தால், அவை பெருகி உள்ளூர் மட்டியை முற்றிலும் அழித்துவிடுமா? அவ்வாறு அவை பெருகிவிட்டால், ஒருமுறை அள்ளி அகற்றுவதனால் பயன் உண்டா?

ஒரே சிற்றினம் வாழ்ந்தால்

முதலில் ஒரு சிற்றினம் மட்டும் வாழ்வதாகக் கொள்வோம். அடித்தரையின் ஒரு சதுர மீட்டரில் உள்ள உள்ளூர் மட்டிகளின் எண்ணிக்கையை N₁ என்க. இடமும் உணவும் தாராளமாக இருக்கும்போது அவை விரைந்து பெருகும். கூட்டம் மிகுந்தால் பெருக்கம் தளரும். அவ்விடம் தாங்கக்கூடிய எண்ணிக்கையை அடைந்ததும் பெருக்கம் நின்றுவிடும். அந்த எண்ணிக்கையைத் தாங்குதிறன் என்பர். அதனை K₁ எனக் குறிப்போம். நெருக்கடி இல்லாதபோது ஒவ்வோர் உயிரியும் எவ்வளவு விரைவில் பெருகும் என்பதை r₁ குறிக்கிறது. அப்போது,

dN₁/dt = r₁N₁ (1 − N₁/K₁)

இச்சமன்பாட்டின் இடப்பக்கம், காலம் செல்லச் செல்ல N₁ மாறும் வீதத்தைக் குறிக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருப்பது எஞ்சியுள்ள இடத்தின் பங்கு. N₁ = K₁ எனில் எஞ்சிய இடம் சுழி; எனவே வளர்ச்சியும் சுழி. N₁ இன் மதிப்பு K₁ ஐ விட மிகுந்தால் வீதம் குறை எண்ணாகி, எண்ணிக்கை குறையத் தொடங்கும்.

இரு சிற்றினங்கள் சேர்ந்து வாழ்ந்தால்

இப்போது காக்கா ஆழி வந்து சேர்கிறது. அதன் எண்ணிக்கை N₂ என்க. அதன் தாங்குதிறன் K₂, பெருகும் வீதம் r₂. ஒரு காக்கா ஆழி, ஒரு மட்டி அடைத்துக்கொள்ளும் அளவு இடத்தையே அடைத்துக்கொள்ளும் என்பதில்லை. மிகுதியாகவோ குறைவாகவோ அடைக்கலாம். ஆகவே ஒரு காக்கா ஆழி, மட்டிக்கு எத்தனை மட்டிகளுக்கு ஈடான நெருக்கடியைத் தருகிறது என்பதை α என்னும் எண்ணால் குறிப்போம். அதுபோலவே ஒரு மட்டி, காக்கா ஆழிக்கு எத்தனை காக்கா ஆழிகளுக்கு ஈடான நெருக்கடியைத் தருகிறது என்பதை β என்க. இவ்விரண்டும் போட்டிக் கெழுக்கள் எனப்படும். எடுத்துக்காட்டாக α = 2 எனில், ஒரு காக்கா ஆழி இரண்டு மட்டிகளின் இடத்தைப் பறித்துக்கொள்கிறது என்பது பொருள்.

இதனைச் சேர்த்து எழுதினால்,

dN₁/dt = r₁N₁ (1 − (N₁ + αN₂)/K₁)

dN₂/dt = r₂N₂ (1 − (N₂ + βN₁)/K₂)

அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் லோட்கா 1925 ஆம் ஆண்டிலும், இத்தாலியக் கணித அறிஞர் வீட்டோ வோல்டெரா 1926 ஆம் ஆண்டிலும் உயிரினங்களின் உறவுகளைக் கணிதத்தால் விளக்கும் பணியை மேற்கொண்டனர். அவர்கள் பெயராலேயே இச்சமன்பாடுகள் இன்று வழங்குகின்றன.

வளர்ச்சி நிற்கும் கோடு

இவ்விரு சமன்பாடுகளையும் தீர்த்து, ஒவ்வொரு நாளிலும் எண்ணிக்கை எவ்வளவு எனச் சூத்திரமாக எழுதுவது கடினம். நம் வினாவோ நாள்தோறும் உள்ள எண்ணிக்கையைப் பற்றியது அன்று. இறுதியில் எது எஞ்சும் என்பதைப் பற்றியது. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு.

ஒரு வரைபடத்தாளில் கிடை அச்சில் மட்டியின் எண்ணிக்கை N₁ ஐயும், நிலை அச்சில் காக்கா ஆழியின் எண்ணிக்கை N₂ ஐயும் குறியுங்கள். அத்தாளின் ஒவ்வொரு புள்ளியும் உப்பங்கழியின் ஒரு நிலையைக் காட்டுகிறது. (300, 50) என்னும் புள்ளி, ஒரு சதுர மீட்டரில் 300 மட்டிகளும் 50 காக்கா ஆழிகளும் உள்ள நிலை. காலம் செல்லும்போது இப்புள்ளி தாளின்மேல் நகரும். அது எத்திசையில் நகரும் என்பதே நாம் அறியவேண்டியது.

மட்டியின் வளர்ச்சி எப்போது நிற்கும்? முதற்சமன்பாட்டின் அடைப்புக்குறி சுழியாகும்போது, அதாவது,

N₁ + αN₂ = K₁

ஆகும்போது நிற்கும். இது ஒரு நேர்கோட்டின் சமன்பாடு. N₂ = 0 எனப் பிரதியிட்டால் அக்கோடு கிடை அச்சை K₁ இல் வெட்டுவதைக் காணலாம்; N₁ = 0 எனப் பிரதியிட்டால் நிலை அச்சை K₁/α இல் வெட்டுவதைக் காணலாம். இக்கோட்டினை மட்டியின் சுழிவளர்ச்சிக் கோடு என்போம். ‘நல்க்ளைன்’ என்பது இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். இக்கோட்டுக்கு உட்புறம், அதாவது ஆதிப்புள்ளியின் பக்கம், இடம் எஞ்சியிருப்பதால் மட்டி பெருகும். புள்ளி வலப்புறம் நகரும். கோட்டுக்கு வெளிப்புறம் மட்டி குறையும். புள்ளி இடப்புறம் நகரும்.

அவ்வாறே காக்கா ஆழியின் சுழிவளர்ச்சிக் கோடு,

N₂ + βN₁ = K₂

இது நிலை அச்சை K₂ இலும் கிடை அச்சை K₂/β இலும் வெட்டும். இதற்கு உட்புறம் புள்ளி மேல்நோக்கியும், வெளிப்புறம் கீழ்நோக்கியும் நகரும்.

> நினைவில் கொள்க
> மட்டியின் கோடு இட வல நகர்வை மட்டுமே தீர்மானிக்கும். காக்கா ஆழியின் கோடு மேல் கீழ் நகர்வை மட்டுமே தீர்மானிக்கும். இவ்விரு நகர்வுகளையும் சேர்த்தே புள்ளியின் திசையை அறிய வேண்டும்.

எடுத்துக்காட்டு 1: முற்றிலும் விலக்கல்

இனிவரும் எண்கள் கணக்கினை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. களத்தில் அளந்தவை அல்ல. K₁ = 400, K₂ = 600 என்க. α = 1, β = 0.5 என்க. அதாவது காக்கா ஆழி ஒன்று மட்டிக்கு ஒரு மட்டி அளவு நெருக்கடி தருகிறது. மட்டியோ காக்கா ஆழிக்கு அரைப்பங்கு நெருக்கடியே தருகிறது.

மட்டியின் கோடு: கிடை அச்சில் 400, நிலை அச்சில் 400/1 = 400.

காக்கா ஆழியின் கோடு: நிலை அச்சில் 600, கிடை அச்சில் 600/0.5 = 1200.

இரண்டையும் வரைந்து பாருங்கள். மட்டியின் கோடு முழுவதும் காக்கா ஆழியின் கோட்டுக்கு உள்ளே அடங்கிவிடுகிறது. இரண்டும் எங்கும் வெட்டிக்கொள்வதில்லை. இரு கோடுகளுக்கும் இடையே ஒரு பட்டை போன்ற பகுதி அமைகிறது. அப்பட்டையில் உள்ள எப்புள்ளியும் மட்டியின் கோட்டுக்கு வெளியேயும், காக்கா ஆழியின் கோட்டுக்கு உள்ளேயும் இருக்கிறது. எனவே அங்கே மட்டி குறைகிறது; காக்கா ஆழி பெருகுகிறது. புள்ளி இடப்புறமாகவும் மேலாகவும் நகர்கிறது.

உப்பங்கழி முழுவதும் மட்டிகளால் நிறைந்து, ஐந்தே காக்கா ஆழிகள் வந்துசேர்ந்த நிலையைப் பார்ப்போம். புள்ளி (400, 5). மாதத்துக்கு r₁ = 0.5, r₂ = 0.8 என்க.

மட்டி: 0.5 × 400 × (1 − 405/400) = −2.5

காக்கா ஆழி: 0.8 × 5 × (1 − 205/600) = 2.6 (தோராயமாக)

மாதத்துக்கு இரண்டு அல்லது மூன்று என்னும் அளவிலேயே மாற்றம் நிகழ்கிறது. உப்பங்கழியைப் பார்ப்பவருக்கு எதுவும் நிகழாதது போலவே தோன்றும். ஆனால் புள்ளி பட்டைக்குள் நுழைந்துவிட்டது. பின்னர் அது (200, 300) என்னும் நிலையை அடைவதாகக் கொண்டால், அங்கே மட்டி மாதத்துக்கு 25 குறைகிறது. காக்கா ஆழி 80 கூடுகிறது. இத்தனைக்கும் பிறகே மாற்றம் கண்ணுக்குப் புலனாகும். இறுதியில் புள்ளி (0, 600) இல் சென்று நிற்கும். மட்டி அவ்விடத்திலிருந்து மறைந்துவிடும்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தொடக்கத்தில் மட்டி 400 ஆகவும் காக்கா ஆழி வெறும் ஐந்தாகவும் இருந்தமை முடிவை மாற்றவில்லை. மற்றொன்று, r₁, r₂ ஆகியவை கோடுகளின் சமன்பாடுகளில் இடம்பெறவே இல்லை. காக்கா ஆழி மெதுவாகப் பெருகும் இனமாக இருந்தாலும் அதுவே வெல்லும், காலம்தான் நீளும். விரைந்து பெருகுவது வெல்லும் என்னும் எண்ணம் தவறு என்பதை இதனால் அறியலாம்.

எடுத்துக்காட்டு 2: சேர்ந்து வாழ்தல்

தாங்குதிறன்களை மாற்றாமல் α = 0.5, β = 1 என்க. மட்டியின் கோடு கிடை அச்சில் 400 இலும் நிலை அச்சில் 800 இலும் வெட்டும். காக்கா ஆழியின் கோடு இரு அச்சுகளையும் 600 இல் வெட்டும். இப்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. N₁ + 0.5N₂ = 400, N₁ + N₂ = 600 ஆகிய இரண்டையும் தீர்த்தால் N₁ = 200, N₂ = 400 எனக் கிடைக்கும்.

வெட்டும் புள்ளியைச் சுற்றிலும் திசைகளைக் குறித்துப் பாருங்கள். எப்பக்கத்திலிருந்து தொடங்கினாலும் புள்ளி (200, 400) ஐ நோக்கியே வருகிறது. இதனை நிலையான சமநிலை என்பர். அயல் சிற்றினம் வந்துவிட்டது, மட்டி பாதியாகக் குறைந்துவிட்டது, ஆயினும் அழியவில்லை.

இது எங்ஙனம் இயல்கிறது? ஒவ்வொரு சிற்றினமும் தன் எதிரிக்குத் தரும் நெருக்கடியை விடத் தன் இனத்துக்கே மிகுந்த நெருக்கடி தருகிறது. மட்டி சேற்றுக்குள் புதைந்தும், ஆழி கல்லிலும் கட்டையிலும் ஒட்டியும் வாழ்ந்து இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் நிலையில் இவ்வாறு நிகழும்.

> தெரிந்து தெளிவோம்
> ரஷ்ய அறிஞர் காஸ், பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரிகளைக் கொண்டு இம்மாதிரியைச் சோதித்தார். 1934 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் அச்சோதனைகளுள் சில இடம்பெற்றுள்ளன. பாரமீசியம் ஆரேலியா, பாரமீசியம் காடேட்டம் ஆகிய இரண்டும் தனித்தனியே வளர்க்கப்பட்டபோது நன்கு வளர்ந்தன. ஒரே குழாயில், ஒரே பாக்டீரிய உணவில் சேர்த்து வளர்த்தபோது காடேட்டம் மறைந்தது. ஆனால் காடேட்டத்தோடு பாரமீசியம் பர்சாரியாவைச் சேர்த்து வளர்த்தபோது இரண்டும் வாழ்ந்தன. பர்சாரியா குழாயின் அடியிலும் காடேட்டம் மேற்பகுதியிலும் உணவு தேடியமையே அதற்குக் காரணம்.

எடுத்துக்காட்டு 3: முந்தியதே வெல்லும்

இப்போது α = 2, β = 3 என்க. இரு சிற்றினங்களும் ஒன்றுக்கொன்று கடுந்தீங்கு செய்யும் நிலை இது. காக்கா ஆழிப் பாய் மட்டிகளை மூடுகிறது. அடர்ந்து வாழும் மட்டிகள் நீரை வடிகட்டும்போது ஆழியின் இளவுயிரிகளையும் விழுங்கிவிடுகின்றன எனக் கொள்ளலாம்.

மட்டியின் கோடு: கிடை அச்சில் 400, நிலை அச்சில் 200.

காக்கா ஆழியின் கோடு: நிலை அச்சில் 600, கிடை அச்சில் 200.

கோடுகள் (160, 120) இல் வெட்டிக்கொள்கின்றன. எடுத்துக்காட்டு 2 போலவே தோன்றினும் திசைகள் இங்கே வேறு. வெட்டும் புள்ளிக்கு வலப்புறக் கீழ்ப்பகுதியில் புள்ளி (400, 0) ஐ நோக்கி ஓடுகிறது. இடப்புற மேற்பகுதியில் (0, 600) ஐ நோக்கி ஓடுகிறது. வெட்டும் புள்ளி, மழைநீரை இருபுறமும் பிரித்துவிடும் மலைமுகடு போன்றது. ஆதிப்புள்ளியிலிருந்து இப்புள்ளியின் வழியே செல்லும் ஒரு பிரிகோடு தாளை இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. எப்பகுதியில் தொடங்குகிறோம் என்பதே இங்கு முடிவைத் தீர்மானிக்கிறது. பிரிகோட்டின் வளைவு மட்டும் r₁, r₂ ஐயும் பொறுத்தது. இந்நிலையில், மட்டி நிறைந்த உப்பங்கழிக்குள் ஐந்து காக்கா ஆழிகள் வந்தால் அவற்றால் ஊன்ற இயலாது. (400, 5) இல் 5 + 3 × 400 = 1205; இது 600 ஐ விட மிகுதி. எனவே அவை மறைந்துவிடும்.

வரையாமலே அறியும் முறை

மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஒப்பிட்டால் ஒரு சுருக்கமான சோதனை புலப்படும். ஒரு சிற்றினம் நிறைந்துள்ள இடத்தில் மற்றது மிகச் சிலவாக நுழைந்தால் பெருகுமா என இருபுறமும் கேட்க வேண்டும்.

மட்டி K₁ அளவு நிறைந்துள்ள இடத்தில் காக்கா ஆழி பெருகவேண்டுமெனில் βK₁ < K₂ ஆக வேண்டும். இதனை முதல் வினா என்க. காக்கா ஆழி K₂ அளவு நிறைந்துள்ள இடத்தில் மட்டி பெருகவேண்டுமெனில் αK₂ < K₁ ஆக வேண்டும். இதனை இரண்டாம் வினா என்க.

முதல் வினாவுக்கு ‘ஆம்’, இரண்டாம் வினாவுக்கு ‘இல்லை’ எனில் காக்கா ஆழி மட்டியை அழிக்கும். முதலாவதற்கு ‘இல்லை’, இரண்டாவதற்கு ‘ஆம்’ எனில் மட்டி காக்கா ஆழியை விலக்கும். இரண்டுக்கும் ‘ஆம்’ எனில் இரண்டும் சேர்ந்து வாழும். இரண்டுக்கும் ‘இல்லை’ எனில் முந்தி இடம்பிடித்தது நிலைக்கும்.

அள்ளி அகற்றினால் பயன் உண்டா?

இப்போது நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். காக்கா ஆழி அடித்தரையை மூடிவிட்டது. இயந்திரம் கொண்டு அகற்றுகிறோம். வரைபடத்தாளில் இதன் பொருள், (0, 600) க்கு அருகே இருந்த புள்ளியைக் கீழே இழுத்து வேறோர் இடத்தில் வைத்தல்.

எடுத்துக்காட்டு 1 இன் நிலை நிலவுமானால், புள்ளியை எங்கு வைத்தாலும் அது மீண்டும் (0, 600) க்கே திரும்பும். அகற்றும் பணி காலத்தை வாங்கித் தரும், முடிவை மாற்றாது. ஆண்டுதோறும் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது கோடுகளையே நகர்த்த வேண்டும். கோடுகளை நகர்த்துதல் என்பது α, β, K₁, K₂ ஆகியவற்றை மாற்றுதல். எடுத்துக்காட்டாக, ஆழி ஒட்டிக்கொள்ள இடந்தரும் கற்களையும் கழிவுகளையும் அகற்றினால் K₂ குறையும்.

எடுத்துக்காட்டு 3 இன் நிலை நிலவுமானால் அகற்றுதல் பயன் தரக்கூடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. காக்கா ஆழியை 60 ஆகக் குறைத்தபோது 20 மட்டிகளே எஞ்சியிருந்தன என்க. (20, 60) இல் மட்டி: 20 + 2 × 60 = 140 < 400. ஆழி: 60 + 3 × 20 = 120 < 600. இரண்டும் பெருகுகின்றன. r₁ = 0.5, r₂ = 0.8 எனக் கணக்கிட்டால் முதல் மாதத்தில் மட்டி ஏறத்தாழ 6.5 மட்டுமே கூடும். ஆழியோ 38 கூடும். சில மாதங்களில் புள்ளி மட்டியின் கோட்டைக் கடந்துவிடும். மீண்டும் ஆழியே வெல்லும்.

அகற்றியவுடன் வேறிடத்திலிருந்து மட்டிகளைக் கொணர்ந்து 200 ஆக விதைத்தால் நிலைமை வேறு. (200, 60) இல் மட்டி: 200 + 120 = 320 < 400; பெருகும். ஆழி: 60 + 600 = 660 > 600; குறையும். இனிப் புள்ளி தானாகவே (400, 0) ஐ நோக்கிச் செல்லும். அயல் சிற்றினத்தை அகற்றுவது பாதிப் பணியே. உள்ளூர்ச் சிற்றினத்தை மீட்டு வைப்பது மறுபாதி என்பதை இவ்விரு புள்ளிகளும் காட்டுகின்றன.

மாதிரியின் எல்லைகள்

இம்மாதிரி K, α, β ஆகியவற்றை மாறா எண்களாகக் கொள்கிறது. உப்பங்கழியில் அவை மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் பெருகி உப்புத்தன்மை குறைகிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் உப்புத்தன்மை உயர்கிறது. காக்கா ஆழி இம்மாற்றங்களைப் பெரிதும் தாங்கவல்லது. கோடைக்கும் மழைக்கும் தனித்தனியே கோடுகள் வரைந்தால் அவை வெவ்வேறு இடங்களில் அமையும். ஒரு பருவத்தில் அளந்த எண்களைக் கொண்டு ஆண்டு முழுமைக்கும் தீர்ப்புச் சொல்லுதல் கூடாது.

மேலும், கோடுகள் மிக நெருங்கி இருந்தாலோ, புள்ளி பிரிகோட்டுக்கு அருகே இருந்தாலோ தற்செயல் நிகழ்வுகள் முடிவை மாற்றிவிடும். அமெரிக்க அறிஞர் தாமஸ் பார்க் மாவில் வாழும் இருவகை வண்டுகளை ஒன்றாக வளர்த்தார். வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போது வெல்லும் இனம் மாறியது. இடைப்பட்ட சூழல்களில் ஒரே வகையான குப்பிகளுள் சிலவற்றில் ஒன்றும் சிலவற்றில் மற்றொன்றும் வென்றன.

இறுதியாக, இம்மாதிரி உப்பங்கழியை மூடிய குப்பியாகக் கருதுகிறது. உண்மையில் கடலும் கால்வாயும் இளவுயிரிகளைக் கொண்டுவந்துகொண்டே இருக்கின்றன. எனவே மாதிரி கூறும் ‘அழிவு’ என்பது ஓரிடத்தில் மறைதலே. அச்சிற்றினம் உலகிலிருந்தே மறைதல் அன்று. வேறிடத்தில் அம்மட்டி வாழும் வரை அதனை மீட்டுக் கொணர வழியுண்டு. ஒவ்வோர் உப்பங்கழியாக அது மறைந்துகொண்டே போகுமானால், விதைப்பதற்கு மட்டி எங்கும் எஞ்சாது.

கற்பவை கற்றபின்

1. மூன்று எடுத்துக்காட்டுகளுக்கும் தனித்தனி வரைபடத்தாள்களில் சுழிவளர்ச்சிக் கோடுகளை வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் புள்ளி நகரும் திசையை அம்புக்குறியால் காட்டுக.
2. உங்கள் ஊர் ஏரியிலோ வயலிலோ ஒரே இடத்துக்குப் போட்டியிடும் இரண்டு தாவரங்களைக் கண்டறிந்து, அவை எதற்காகப் போட்டியிடுகின்றன என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

காக்கா ஆழியின் சுழிவளர்ச்சிக் கோடு கிடை அச்சை வெட்டும் இடம்
அ) K₂  ஆ) K₁/α  இ) K₂/β  ஈ) r₂

*குறுவினா*

1. α = 2 என்பதன் பொருள் யாது?
2. சுழிவளர்ச்சிக் கோட்டுக்கு வெளியே அமையும் புள்ளியில் அச்சிற்றினத்தின் எண்ணிக்கை என்னவாகும்?

*சிறுவினா*

1. K₁ = 500, K₂ = 300, α = 1, β = 1 எனில் எச்சிற்றினம் நிலைக்கும்? இரு வினாச் சோதனையால் விளக்குக.
2. எடுத்துக்காட்டு 1 இல் பெருகும் வீதங்கள் முடிவை மாற்றாமைக்குக் காரணம் கூறுக.

*நெடுவினா*

K₁ = K₂ = 300, α = β = 1.5 எனில் கோடுகள் வெட்டும் புள்ளியைக் காண்க. அச்சமநிலை நிலையானதா? இந்நிலையில் ஓர் அயல் சிற்றினத்தை அகற்ற முனைவோர் மேற்கொள்ள வேண்டிய பணிகளை விளக்குக.